பட்டியலில் பெயர், கையில் அட்டை: முதல் ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கு

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல் நாள். தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறைதான் எங்கள் வாக்குச்சாவடி. நான் முதலாம் வாக்குப்பதிவு அலுவலர். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வாசலை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் என்று சொன்னால் எளிதாகப் புரியும். உள்ளே வருகிறவர் முதலில் நிற்பது என் மேசைக்கு முன்னால்தான்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு பெண் வேகமாக வந்து நின்றாள். பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். ஓட்டுப் போடுவதற்காகவே முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறி, நின்றுகொண்டே பாதி தூரம் வந்திருக்கிறாள். பூத் சிலிப்பை நீட்டினாள். பாகம் எண் சரி, வரிசை எண் சரி. பட்டியலைப் புரட்டினேன். பெயரும் படமும் இருந்தன.

“அடையாள அட்டை?”

கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். படம், பெயர், முதல்வர் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. ஆனால் தேர்தல் ஆணையம் ஏற்கும் ஆவணங்களின் பட்டியலில் கல்லூரி அடையாள அட்டை இல்லை.

“ஓட்டர் ஐடி போன்ல இருக்கு சார். போனை கேட்ல போலீஸ்காரர் கொண்டுபோக விடல.”

“ஆதார்?”

“ஹாஸ்டல்ல இருக்கு சார்.”

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட்டுகளில் ஒருவர், “நம்ம ஊருப் பொண்ணுதான் சார், எங்க எல்லாருக்கும் தெரியும், விடுங்க” என்றார். எதிர்க்கட்சி ஏஜென்ட்டும் தலையாட்டினார். ஊரே சாட்சி சொன்னாலும் படிவத்தில் எழுத ஓர் ஆவணம் வேண்டும். அவளைத் திருப்பி அனுப்பினேன். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அவளை நினைத்துத்தான்.

அவள் செய்த தவறு சின்னது. முதல்முறை ஓட்டுப் போட வருகிறவர்களில் ஏராளமானவர்கள் இதே தவறைச் செய்கிறார்கள். வாக்குச்சாவடியில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. அந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

முதல் கேள்வி: இந்த வாக்குச்சாவடியின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? இரண்டாவது கேள்வி: அந்தப் பெயருக்கு உரியவர் நீங்கள்தானா? பூத் சிலிப் உதவுவது முதல் கேள்விக்கு மட்டும். அடையாள அட்டை உதவுவது இரண்டாவதற்கு மட்டும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. பரீட்சை ஹாலுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். எந்த அறை, எந்த இருக்கை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். அங்கே உங்கள் எண் இருந்தாலும் கையில் ஹால் டிக்கெட் வேண்டும். ஹால் டிக்கெட் இருந்தும் எண் வேறு மையத்தில் இருந்தால் இங்கே உட்கார முடியாது.

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம். ஓட்டுரிமை என்பது அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதுதான். வாக்காளர் அட்டை பளபளவென்று கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. இதைக் கேட்டு வாசலில் கோபப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. வீடு மாறியிருப்பார்கள், பெயர் பழைய இடத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கும், புதிய இடத்தில் சேர்க்கப் படிவம் கொடுத்திருக்க மாட்டார்கள். அட்டை மட்டும் பர்ஸில் இருக்கும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் பல. ஆகவே ‘எங்க வீட்ல எல்லாருக்கும் ஓட்டு இருக்கு’ என்று அப்பா சொன்னதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. முதல்முறை வாக்காளர்களிடம் இதுதான் அதிகம். படிவம் 6 கொடுத்து, பெயரும் சேர்ந்திருக்கும். அட்டை மட்டும் தபாலில் வந்திருக்காது. அதனால் ஓட்டு இல்லை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இது வீணாகப் போகும் ஓட்டு. பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போடலாம்.

பெயர் இருக்கிறதா என்று பார்க்க electoralsearch.eci.gov.in என்ற தளம் இருக்கிறது. அட்டை எண் தெரிந்தவர்கள் ECI என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அட்டை எண்ணைச் சேர்த்து 1950-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதே 1950-ஐ அழைத்தும் கேட்கலாம். இதை முந்தின நாளே செய்துவிடுவது நல்லது. தேர்தல் நாள் காலையில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது, தளமும் அன்றைக்குத்தான் திணறுகிறது. முடியாமல் போனால் நேரே வாக்குச்சாவடிக்குப் போய்விடுங்கள். வாசலுக்கு வெளியே வாக்காளர் உதவி மையம் என்று ஒரு மேசை போட்டு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளராகவோ, சத்துணவு அமைப்பாளராகவோ, ஆசிரியராகவோ இருப்பார். அவரிடம் அகர வரிசையில் அடுக்கிய பட்டியல் இருக்கும். பெயரைச் சொன்னால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் எழுதிக் கொடுப்பார்.

இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாகம் எண் என்பது எந்த வாக்குச்சாவடி என்பது. வரிசை எண் என்பது அந்தச் சாவடியின் பட்டியலில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்பது. பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வளாகத்தில் நான்கைந்து சாவடிகள் இருக்கும். ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் ஒரு வரிசை நிற்கும். எங்கள் சாவடியில் அன்றைக்கே ஒரு பையன் முக்கால் மணி நேரம் நின்று உள்ளே வந்தான். அவன் பெயர் பக்கத்து அறைப் பட்டியலில் இருந்தது. அம்மா இங்கேதான் ஓட்டுப் போட்டார்கள் என்பதால் அவனும் இங்கேயே நின்றுவிட்டான். ஒரு வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே பாகத்தில் இருப்பதுதான் வழக்கம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் சில சமயம் வேறு பாகத்தில் போய் விழுந்துவிடுகிறார்கள். அவன் திரும்பவும் முதலிலிருந்து இன்னொரு வரிசையில் நின்றான். பொறுமையாக நின்று போட்டுவிட்டுத்தான் போனான்.

இனி இரண்டாவது கேள்வி, அடையாளம். முதல் இடம் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டைக்கு. அது இல்லாதவர்களுக்கு ஆணையம் ஒவ்வொரு தேர்தலிலும் மாற்று ஆவணங்களின் பட்டியலை அறிவிக்கும். 2024-ல் அதில் பன்னிரண்டு ஆவணங்கள் இருந்தன. ஓய்வூதிய ஆவணம், மக்கள் பிரதிநிதிகளின் அட்டை என்று அதில் பாதி உங்கள் வயதுக்குப் பொருந்தாதவை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் கையில் இருக்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்: ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். இரண்டு மூன்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

செல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் சண்டை வருவது இவற்றால்தான். கல்லூரி, பள்ளி அடையாள அட்டை செல்லாது. ரேஷன் கார்டு செல்லாது. ஸ்மார்ட் கார்டு வடிவில் வந்துவிட்டதால் பலர் அதை நம்பி எடுத்து வருகிறார்கள், அது இந்தப் பட்டியலில் இல்லை. தனியார் கம்பெனி கொடுத்த சாதாரண அடையாள அட்டையை எடுத்து வருவதும் வீண் வேலை. ஜெராக்ஸ் நகல் வேண்டாம், அசல் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் இல்லை. ஒரு காலத்தில் படம் அச்சிட்ட சிலிப்பைக் காட்டியே ஓட்டுப் போட்டார்கள். அந்த ஞாபகத்தில்தான் பெரியவர்கள் உங்களிடம் ‘சிலிப் இருந்தா போதும்’ என்று சொல்கிறார்கள். 2019-லேயே ஆணையம் அதை நிறுத்திவிட்டது. இப்போது வரும் சிலிப்பில் உங்கள் படமே இருக்காது.

அடுத்தது போன். உங்கள் தலைமுறைக்கு ஆவணம் என்றாலே போனுக்குள் இருப்பதுதான். பஸ்ஸில், ரயிலில், போலீஸ் சோதனையில் போனைக் காட்டியே பழகிவிட்டீர்கள். வாக்குச்சாவடிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாக்களிப்பதைப் படம் எடுத்துவிட்டால் யாருக்குப் போட்டீர்கள் என்பது வெளியே தெரிந்துவிடும், காசு கொடுத்தவன் அதைச் சாட்சியாகக் கேட்பான். விதிக்குப் பின்னால் இருக்கும் காரணம் இது. வாசலிலேயே போனை வாங்கி வைக்க ஏற்பாடு செய்வதாக 2025-ல் ஆணையம் அறிவித்தது. எப்படியானாலும் என் மேசைக்கு வரும்போது உங்கள் கையில் போன் இருக்காது. டிஜிட்டல் வாக்காளர் அட்டை 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை ஒரு தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்தால் பயன்படும். தேர்தல் அன்று ஊரில் ஜெராக்ஸ் கடை திறந்திருக்காது என்பதால் முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துப்பிழைக்குப் பயப்பட வேண்டாம். நம் ஊரில் இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருக்கும். ‘முத்துலட்சுமி’ ஆதாரில் ஒரு மாதிரியும் பட்டியலில் ஒரு மாதிரியும் எழுதப்பட்டிருப்பாள். ஆள் இன்னார் என்று உறுதியானால் இப்படிப்பட்ட சின்னப் பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்றுதான் எங்களுக்கு உத்தரவு. படமே வேறு யாருடையதாகவோ அச்சாகியிருந்தால் அந்த அட்டையை விட்டுவிட்டு மாற்று ஆவணம் ஒன்றைக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எடுத்த ஆதார் படத்தில் உங்களை உங்களுக்கே அடையாளம் தெரியாது என்றால், இன்னோர் ஆவணத்தையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் தங்கிப் படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரிபார்ப்புக்கு வந்தபோது வீட்டில் நீங்கள் இல்லை, பூத் சிலிப்பையும் கொடுக்க முடியவில்லை என்றால், உங்கள் பெயர் தனியாக ஒரு பட்டியலில் ஏறியிருக்கலாம். இல்லாதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் என்று மூன்று வகைக்கும் சேர்த்துச் சாவடிக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதில் பெயர் இருக்கிறது என்று சொன்னதும் சில பிள்ளைகள் அழுதுவிடும் நிலைக்குப் போய்விடுகிறார்கள். பதற வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பதால் ஓட்டுப் போகாது. உங்கள் ஆவணத்தைத் தலைமை வாக்குப்பதிவு அலுவலரே வாங்கி நன்றாகப் பார்ப்பார், கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்குவார்கள், ஓர் உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்பார்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஊரில் இல்லாதவர் பெயரில் இன்னொருவர் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. உங்கள் ஓட்டைக் காப்பதும் இதே ஏற்பாடுதான்.

இப்போது உள்ளே வாருங்கள். உங்கள் ஆவணத்தை நான் பார்த்ததும் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிப்பேன். முதல்முறை வருகிறவர்கள் இதில் திடுக்கிட்டுப் போகிறார்கள், ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல. ஏஜென்ட்டுகளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் படிப்பது அது. அவர்களிடமும் பட்டியல் இருக்கும். ஆள் மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் அவர்கள் அப்போதே சொல்ல வேண்டும்.

இரண்டாவது அலுவலர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார். நகத்தின் நுனியிலிருந்து முதல் மூட்டு வரைக்கும் ஒரு கோடு. உடனே துடைக்கக் கூடாது. பதிவேட்டில் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு சிறு சீட்டுத் தருவார். அந்தச் சீட்டை மூன்றாவது அலுவலரிடம் கொடுத்தால் அவர் தன் முன்னால் இருக்கும் கருவியில் ஒரு பட்டனை அழுத்துவார். அதற்குப் பிறகுதான் மறைப்புக்குள் இருக்கும் வாக்குப்பதிவுக் கருவி உயிர் பெறும். அதன் மேல்பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்த பிறகு அழுத்துங்கள்.

உங்கள் வயதுக்காரர்களிடம் நான் கவனித்த ஒன்று இருக்கிறது. அவர்கள் சின்னத்தின் மேலேயே விரலை வைக்கிறார்கள். தொடுதிரை பழக்கம். சின்னம் என்பது வெறும் அச்சிட்ட தாள். அதற்கு நேராக வலது பக்கம் நீல பட்டன் இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் அந்த வரிசையில் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் இருக்கும் பெட்டியின் சின்னக் கண்ணாடி ஜன்னலில் நீங்கள் போட்ட வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டுக் கீழே விழும். ‘பீப்’ என்று நீளமாக ஒலி வரும். அந்த ஒலி கேட்காமல் வெளியே வராதீர்கள். எங்கள் சாவடியில் அன்று ஒரு பையன் சின்னத்தை மூன்று முறை தட்டிவிட்டு, போட்டாயிற்று என்று வெளியே வந்துவிட்டான். ஒலி வரவில்லையே என்று மூன்றாவது அலுவலர் அவனைத் திருப்பி அனுப்பினார். அவர் கவனிக்காமல் இருந்திருந்தால் அந்த ஓட்டு அப்படியே போயிருக்கும். யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் வேட்பாளர்கள் எல்லோருக்கும் கடைசியில் நோட்டா இருக்கிறது. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்தது அது. அதற்கும் இதே பட்டன், இதே ஒலிதான்.

எல்லாம் சரியாக இருந்தும், உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் என்ன செய்வது? 2018-ல் வந்த ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசாத இளைஞர் இல்லை. படம் சொன்ன 49பி உண்மையான விதிதான், 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கிறது. அப்படி நேர்ந்தால் தலைமை வாக்குப்பதிவு அலுவலரிடம் போங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால் உங்களுக்கு ஒரு வாக்குச்சீட்டுத் தரப்படும். கருவியில் போட முடியாது. தாளில் முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அந்த ஓட்டு சேராது. தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போகும்போது அது நீதிமன்றத்தின் முன் வரலாம். 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் ஒருவர் 62,216 ஓட்டும் இன்னொருவர் 62,215 ஓட்டும் வாங்கினார்கள். வித்தியாசம் ஒன்று. இப்படித் தாளில் போட்ட ஓட்டுகளை எண்ணுவதா என்ற கேள்வி அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகவே யாரோ போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிடாதீர்கள். கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இந்த விதியை ஒட்டி ஒரு பொய் ஒவ்வொரு தேர்தலிலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்டுப் போடலாம் என்று அதில் எழுதியிருக்கும். அப்படி ஒன்று கிடையாது. உண்மையில் சேலஞ்ச் என்பது, வந்திருக்கிற ஆளின் அடையாளத்தை ஏஜென்ட் ஒருவர் மறுப்பது. அதற்கு அவர் 2 ரூபாய் கட்ட வேண்டும், தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். பட்டியலில் இல்லாதவருக்கு அது ஓட்டுத் தராது. இத்தனை சதவீதம் 49பி ஓட்டு விழுந்தால் மறு வாக்குப்பதிவு என்று அதே செய்தியில் ஒரு வரி வரும், அதுவும் பொய். இதை நம்பி வந்து, வெயிலில் நின்று, ஏமாந்துபோய்த் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். யாராவது இதை உங்களுக்கு அனுப்பினால், அனுப்பியவரிடமே எடுத்துச் சொல்லுங்கள்.

நான் ஒருத்தி போகாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு எண்களை மட்டும் தருகிறேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021-ல் சென்னை தியாகராய நகரில் 137. ஒரு கல்லூரி விடுதியின் ஒரு மாடியில் இருப்பவர்கள் பஸ் ஏறினார்களா இல்லையா என்பதற்குள் அடங்கிவிடும் எண்கள் இவை.

வேலைக்குப் போகிறவர்கள் லீவு கிடைக்காது என்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் இது உண்டு. முதலாளியிடம் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த நர்சிங் மாணவியின் கதைக்குத் திரும்புகிறேன். அவள் வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துக்குள் இருந்தது. போனவள் வீட்டில் எதையெல்லாம் தேடினாள் என்று பிறகு சொன்னாள். ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். கடைசியில் அவள் அம்மா பீரோவிலிருந்து பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதற்காகத் தொடங்கிய கணக்கு. முதல் பக்கத்தில் அவள் படமும் அதன் மேல் வங்கியின் முத்திரையும் இருந்தன. அப்பாவின் டிவிஎஸ் வண்டியில் ஏறி, ஆறு மணிக்கு நாலைந்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தாள்.

வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். ஆறு மணி ஆனதும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. அப்படிச் செய்வதில்லை. ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிற கடைசி ஆள் வரைக்கும் ஓட்டு உண்டு. எங்கள் தலைமை அலுவலர் வெளியே போய், கையெழுத்துப் போட்ட எண் சீட்டுகளை வரிசையின் வாலிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் நிற்பவருக்கு 1, அவருக்கு முன்னால் நிற்பவருக்கு 2. பின்னால் வந்து யாரும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி. அவளுக்குக் கிடைத்தது 1 என்ற சீட்டு.

ஆறு இருபது வாக்கில் உள்ளே வந்தாள். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படித்தேன். சாயங்காலம் அவளுக்காகப் பேசிய ஏஜென்ட் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டார். விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நாங்கள் எல்லோரும் அந்த ஒலிக்காகக் காத்திருந்தோம். வந்தது.

கருவியை மூடி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, சீல் வைக்கும்போது ராத்திரி ஆகிவிட்டது. பதிவேட்டைக் கட்டுவதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்த்தேன். அடையாள ஆவணம் என்ற பத்தியில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஓட்டர் ஐடி, ஆதார், ஓட்டர் ஐடி, ஆதார். கடைசி வரியில் மட்டும் ‘பாஸ்புக்’ என்று எழுதி, கணக்கு எண்ணின் கடைசி நாலு எண்கள். பக்கத்தில் அவள் கையெழுத்து.